தவறான விடைகளும் கணக்குப் போட்டே வரட்டும்

மேல்நிலை கணக்குப்பதிவியல் வினாத்தாளில் 20 ஒரு மதிப்பெண் வினாக்கள் உண்டு. அவற்றில் எண்களை விடைகளாகத் தரும்போது, சரியான விடையை முதலில் எழுதிவிட்டு, மற்ற மூன்றையும் ஏதோ பக்கத்து எண்களாக நிரப்பிவிடுகிறோம். மாணவர் எங்கே தடுக்கினார் என்பதை அந்த எண்கள் சொல்வதில்லை.

ஈத்தாமொழிப் பக்கத்து மாணவர்களுக்குக் கயிறு திரிக்கும் இயந்திரம் பழக்கமானது. அதையே பேரேட்டுப் படமாகத் தரலாம்.

இயந்திரக் கணக்கு (பற்றுப் பக்கம்)
01.10.2022 வங்கி க/கு ரூ.90,000
01.10.2022 ரொக்க க/கு (நிறுவுகைச் செலவு) ரூ.10,000

வினா: குறைந்து செல் மதிப்பு முறையில் ஆண்டுக்கு 10% தேய்மானம். கணக்குகள் மார்ச் 31இல் முடிக்கப்படுகின்றன. 31.03.2024 அன்று இருப்பு என்ன?
அ) 76,950 ஆ) 81,000 இ) 85,000 ஈ) 85,500

அடக்கவிலை 1,00,000. முதல் ஆண்டில் ஆறு மாதத்துக்கு 5,000 போக 95,000. அதில் 10% ஆன 9,500 போக 85,500. நிறுவுகைச் செலவை விட்டவருக்கு 76,950 வரும். முதல் ஆண்டுக்கும் முழுத் தேய்மானம் எடுத்தவருக்கு 81,000. இரண்டாம் ஆண்டிலும் அடக்கவிலை மீதே கணக்கிட்டு, நேர்க்கோட்டு முறைக்குப் போனவருக்கு 85,000.

படத்தின் வரவுப் பக்கத்தை வெறுமையாக விடுவது அவசியம். முதல் ஆண்டின் 5,000 அங்கே அச்சாகிவிட்டால் ஆறு மாதக் கணக்கைச் சோதிக்கவே முடியாது. படத்தில் உள்ள தொகைகளை வினாவில் மீண்டும் எழுதினால் பேரேட்டை யாரும் பார்க்கமாட்டார்கள். எழுத்தையும் சற்றுப் பெரிதாக வையுங்கள். நகலெடுத்த தாளில் 3, 8 இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்!

வங்கிச் சரிகட்டும் பட்டியலில் வேறொரு சிக்கல். ரொக்க ஏட்டின்படி சாதகமான வங்கி இருப்பு 24,000. விடுத்து, இன்னும் வங்கியில் முன்னிலைப்படுத்தப்படாத காசோலை 5,000. வங்கியில் செலுத்தி, இன்னும் வசூலாகாத காசோலை 5,000. வங்கிக் கட்டணம் 200 என்று வினா அமைத்தால், வங்கி அறிக்கையின்படி இருப்பு 23,800. ஆனால் இரு காசோலைகளிலும் கூட்டல் கழித்தலை மாற்றிப் போட்ட மாணவருக்கும் அதே 23,800 வந்துவிடும். குழப்பத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்தவர்களாகிறோம்.

காசோலைகளை 6,000, 4,000 என மாற்றினால் போதும். விடுத்த காசோலையை ரொக்க ஏட்டில் கழித்துவிட்டோம், வங்கி இன்னும் கழிக்கவில்லை. ஆகவே 6,000 கூடும். வசூலாகாத 4,000 நம் ஏட்டில் ஏறியிருக்கிறது, வங்கியில் ஏறவில்லை, ஆகவே குறையும். கட்டணத்தை வங்கி ஏற்கெனவே எடுத்துவிட்டதால் 200 குறையும். விடை 25,800. காசோலைகளை மட்டும் மாற்றிப் போட்டவருக்கு 21,800. கட்டணத்தை மட்டும் கூட்டியவருக்கு 26,200. வங்கி அறிக்கையிலிருந்து ரொக்க ஏட்டுக்குப் போவதாக நினைத்து மூன்றையும் தலைகீழாக்கியவருக்கு 22,200.

இந்த மூன்றில் 22,200 தனி வகை. அதைத் தேர்ந்தவருக்குக் காசோலை பற்றி மீண்டும் விளக்க வேண்டியதில்லை. எந்த ஏட்டிலிருந்து தொடங்குகிறோம் என்பதை வினாவில் அடிக்கோடிடச் சொன்னால் போதும். 21,800 எழுதியவரிடம் ரொக்க ஏட்டையும் வங்கி அறிக்கையையும் அருகருகே வைத்து, அந்த 6,000 எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று தேடச் சொல்லுங்கள்.