பதினோராம் மாதமா, பதின்மூன்றாம் மாதமா?

ஒருவர் பங்குச்சந்தையில் வாங்கிய பங்கில் 2 லட்சம் ரூபாய் லாபம் நிற்கிறது. வாங்கிப் பதினோரு மாதம்தான் ஆகிறது. இன்று விற்றால் அது குறுகிய கால லாபம். 20 சதவீத வரி, அதாவது 40,000 ரூபாய். பன்னிரண்டு மாதம் தாண்டி விற்றால் அது நீண்ட கால லாபமாகிவிடும். அதில் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. மீதி 75,000-க்கு 12.5 சதவீதம், வெறும் 9,375 ரூபாய். (செஸ் தனி.) அதற்குள் விலை சரிந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண் என்பது வேறு கதை.

அவரிடம் இன்னொரு பங்கு 80,000 ரூபாய் குறுகிய கால நஷ்டத்தில் கிடக்கிறது. மார்ச் 31-க்குள் அதையும் விற்றால் நஷ்டத்தை லாபத்தில் கழிக்கலாம். முதல் பங்கைப் பதினோராம் மாதமே விற்றிருந்தால் வரி 24,000 ஆகக் குறையும், மிச்சம் 16,000. காத்திருந்து விற்றிருந்தால் வரியே இல்லை, ஆனால் மிச்சம் 9,375 மட்டும்தான். காரணம், நஷ்டத்தை முதலில் கழித்த பிறகே 1.25 லட்சம் விலக்கு வரும். அங்கே 75,000 ரூபாய் நஷ்டமே போதும். மேலே உள்ள 5,000 வீண்.

நீண்ட கால நஷ்டத்துக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. நீண்ட கால லாபத்தில் மட்டுமே அது கழியும்.

விற்ற பங்கை அன்றே திரும்ப வாங்கினால் அது தினவணிகமாகிவிடும், நஷ்டம் கணக்கில் வராது. மறுநாள் வாங்கலாம். ஆனால் பன்னிரண்டு மாதக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும்.