மூன்று லட்சம் கோடி ஆண்டுக்கு ஒருமுறை வரும் செவ்வாய்க்கிழமை

2024 ஜூன் 4, செவ்வாய்க்கிழமை. மக்களவைத் தேர்தல் வாக்குகள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன. எக்ஸிட் போல் முடிவுகளை நம்பி முந்தைய நாள் 3.25 சதவீதம் ஏறியிருந்த நிஃப்டி, பாஜகவுக்குத் தனிப்பெரும்பான்மை கிடைக்காது என்று தெரியத் தெரியச் சரிந்தது. வர்த்தகம் முடிந்தபோது 1,379 புள்ளிகள் குறைந்திருந்தது, சதவீதத்தில் 5.93. நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் பத்து லட்சம் ரூபாய் வைத்திருந்தவருக்கு அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 59,300 ரூபாய் இறங்கியது.

நிதி நிறுவனங்களில் ‘ஒரு நாளில் எவ்வளவு போகலாம்’ என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. ‘வேல்யூ அட் ரிஸ்க்’ என்பது முழுப்பெயர். சந்தையில் சுருக்கமாக ‘வார்’ என்பார்கள். ஜே.பி. மார்கன் வங்கியின் தலைவராக இருந்த டென்னிஸ் வெதர்ஸ்டோன், தினமும் மாலை 4.15 மணிக்கு வங்கியின் மொத்த அபாயத்தையும் ஒரே பக்கத்தில் சொல்லும் அறிக்கை வேண்டும் என்று கேட்டதிலிருந்து இது பிரபலமானது. அந்த வங்கி தன் கணக்குமுறையை 1994இல் ‘ரிஸ்க்மெட்ரிக்ஸ்’ என்ற பெயரில் வெளியிட்டது. மற்ற வங்கிகளும் பின்தொடர்ந்தன.

இந்த முறை பரவியதற்கு அதன் எளிமைதான் காரணம். தினசரி ஏற்ற இறக்கங்களை எடுத்து அவற்றின் திட்டவிலக்கத்தை, அதாவது சிக்மாவை, கணக்கிட வேண்டும். அந்த ஏற்ற இறக்கங்கள் மணி வடிவ வளைவில், இயல்நிலைப் பரவலில் அமைகின்றன என்று வைத்துக்கொண்டால் மீதி வேலையை வளைவே பார்த்துக்கொள்ளும். நூறு நாளில் 99 நாள் தாண்டாத நஷ்டம் எது என்று கேட்டால், சிக்மாவை 2.33ஆல் பெருக்கினால் போதும். நூறில் 95 நாளுக்கு என்றால் 1.645ஆல்.

நிஃப்டியின் தினசரி சிக்மா அமைதியான காலங்களில் முக்கால் சதவீதம் அளவில் இருக்கும். பத்து லட்சத்துக்கு அது 7,500 ரூபாய். 2.33ஆல் பெருக்கினால் 17,475. ‘நாளை இதற்கு மேல் நஷ்டம் வர நூறில் ஒரு வாய்ப்புதான்’ என்று அறிக்கை சொல்லும். ஜூன் 4 அன்று போனது 59,300. கிட்டத்தட்ட எட்டு சிக்மா. மணி வளைவின்படி அப்படி ஒரு சரிவு சுமார் மூன்று லட்சம் கோடி ஆண்டுக்கு ஒருமுறைதான் வர வேண்டும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான்.

இந்த ஒப்பீடு கொஞ்சம் அநியாயம் என்று ரிஸ்க் துறையினர் சொல்லலாம், சொல்வது நியாயமும்கூட. ரிஸ்க்மெட்ரிக்ஸ் முறையில் சிக்மா நிலையான எண் அல்ல. ஒவ்வொரு நாளும் பழைய மதிப்பீட்டுக்கு 94 சதவீத எடையும், அன்றைய நகர்வின் வர்க்கத்துக்கு 6 சதவீத எடையும் கொடுத்துப் புதுப்பிப்பார்கள். நகர்வு மேலேயா கீழேயா என்று அந்தச் சூத்திரம் பார்ப்பதில்லை. எனவே திங்கட்கிழமையின் 3.25 சதவீத ஏற்றமே முக்கால் சதவீத சிக்மாவை 1.08க்கு உயர்த்தியிருக்கும். கொண்டாட்ட நாளிலேயே எச்சரிக்கை மணியும் அடித்திருக்கிறது என்று பொருள். அப்படியும் வார் 25,200 ரூபாய்தான். மறுநாள் சரிவு ஐந்தரை சிக்மா. மணி வளைவைக் கேட்டால் இரண்டு லட்சம் ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது.

சந்தை வரலாறு சொல்வதோ வேறு. சென்செக்ஸ் ஒரே நாளில் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்த நாட்கள் 16 ஆண்டுகளுக்குள் மூன்று: 2004 மே 17, 2008 அக்டோபர் 24, 2020 மார்ச் 23. முதல் நாளில் காரணம் ஒரு தேர்தல் முடிவு, இரண்டாவதில் உலக நிதி நெருக்கடி, மூன்றாவதில் கொரோனா.

மணி வளைவு எங்கே சறுக்குகிறது? சந்தைக்கு எல்லா நாளும் ஒரே மாதிரியான நாள் அல்ல என்பதில்தான். இதைப் பார்க்க ஒரு கற்பனைச் சந்தையை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டின் 250 வர்த்தக நாட்களில் 225 நாட்கள் அமைதி, சிக்மா 0.7 சதவீதம். மீதி 25 நாட்கள் கொந்தளிப்பு, சிக்மா 2 சதவீதம். இரண்டு வகை நாட்களும் தனித்தனியே சுத்தமான மணி வளைவைப் பின்பற்றுகின்றன என்றே வைத்துக்கொள்வோம். எந்த நாள் எந்த வகை என்பது மட்டும் நமக்கு முன்கூட்டியே தெரியாது.

எல்லா நாட்களையும் ஒன்றாகக் கலந்து சிக்மா பார்த்தால் 0.917 சதவீதம் வரும். அதை வைத்துப் பத்து லட்சத்துக்கு 99 சதவீத வார் கணக்கிட்டால் 21,300 ரூபாய். ஆனால் கலவையின் உண்மையான பரவலை நேரடியாகக் கணக்கிட்டால் அந்தக் கோடு 25,800இல் நிற்கிறது. ஆயிரத்தில் ஒரு நாளைக் கேட்டால் இடைவெளி இன்னும் விரிகிறது: மணி வளைவு சொல்வது 28,300, உண்மை 46,500. ஓரத்துக்குப் போகப் போகப் பொய் பெரிதாகிறது. கொந்தளிப்பு நாட்கள் பத்தில் ஒன்றுதான் என்றாலும், பெரிய நஷ்டங்கள் எல்லாம் அனேகமாக அவற்றிலிருந்தே வருகின்றன. வளைவின் இரு ஓரங்களும் இப்படி எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருப்பதைத்தான் ‘தடித்த வால்’ என்கிறார்கள்.

அந்தத் தடிமனை அளக்கும் எண் குர்டோசிஸ். ஒவ்வொரு நாளின் நகர்வும் சராசரியிலிருந்து எத்தனை சிக்மா தள்ளி இருக்கிறது என்று பார்த்து, அதை நான்கு மடிக்கு உயர்த்தி, எல்லாவற்றுக்கும் சராசரி எடுப்பார்கள். மணி வளைவுக்கு விடை 3. மேற்சொன்ன கற்பனைச் சந்தைக்கு 7.7. நான்கு மடி என்பதால் அரை சிக்மா, ஒரு சிக்மா நகர்வுகள் இந்த எண்ணில் கிட்டத்தட்டத் தெரிவதே இல்லை. ஓரத்து நாட்கள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. குர்டோசிஸ் வளைவின் உச்சி எவ்வளவு கூர்மை என்பதை அளக்கிறது என்று இன்றும் சில பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. அதை மறந்துவிடலாம்.

அதே காரணத்தால் இந்த எண்ணை நம்பி உட்கார்ந்திருக்கவும் முடியாது. மணி வளைவுக்கு அடங்கி நடந்த 250 நாட்களின் குர்டோசிஸ் 3 என்று வைப்போம். சிக்மா முக்கால் சதவீதம். அதில் ஜூன் 4இன் 5.93 சதவீதச் சரிவை மட்டும் 251ஆவது நாளாகச் சேர்த்தால், எண் ஒரே தாவலில் 12 அளவுக்குப் போகிறது. முந்தைய மாலை வரை ‘வால் மெலிந்தது’ என்று சொன்ன அதே கணக்கு, அடி விழுந்த மறுநாள் ‘வால் தடித்தது’ என்கிறது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு திருப்பம் உண்டு. தடித்த வால் எல்லா இடத்திலும் வாரைக் குறைத்துக் காட்டுவதில்லை. கற்பனைச் சந்தையில் 95 சதவீத வார் எடுத்தால் 15,100 ரூபாய். அதைத் தாண்டும் நாட்கள் நூறில் ஐந்து இருக்க வேண்டும். உண்மையில் இருப்பது 3.7தான். அதாவது அங்கே மணி வளைவு நஷ்டத்தைக் கூட்டியே சொல்கிறது. கொந்தளிப்பு நாட்கள் சிக்மாவை ஊதிப் பெரிதாக்கிவிடுவதால், நடுத்தர நஷ்டங்கள் கோட்டுக்குள் சௌகரியமாக அடங்கிவிடுகின்றன. 95இல் நன்றாக வேலை செய்கிறது என்று திருப்திப்பட்டு அதே வளைவை 99.9க்கு நீட்டுபவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

தவறு நடப்பதைச் சோதனையில் கண்டுபிடிக்க முடியாதா? வங்கிகளுக்கான பாசல் விதிகள் 1996இலேயே ஒரு சோதனையைக் கொண்டுவந்தன. 250 நாட்களில் 99 சதவீதக் கோட்டை நஷ்டம் எத்தனை முறை தாண்டியது என்று எண்ணுவார்கள். இரண்டரை முறை எதிர்பார்க்கப்படுவது; நான்கு வரை பச்சை, ஐந்திலிருந்து ஒன்பது வரை மஞ்சள், பத்தும் அதற்கு மேலும் சிவப்பு. நமது கற்பனைச் சந்தையில் தாண்டல்கள் ஆண்டுக்குச் சராசரியாக 3.8. நான்குக்குள் வந்துவிடுவதால் பெரும்பாலான ஆண்டுகளில் பச்சை விளக்கே எரியும். ஆனால் தாண்டிய நாட்களில் சராசரியாகப் போன தொகை, மணி வளைவு சொல்லும் 24,400 அல்ல, 31,000. எத்தனை முறை என்று மட்டும் எண்ணும் சோதனைக்கு எவ்வளவு என்பது கண்ணில் படாது. தாண்டல்கள் ஆண்டு முழுவதும் சிதறி வருகின்றனவா, அடுத்தடுத்த நாட்களில் கொத்தாக வருகின்றனவா என்பதையும் பார்த்தால்தான் சந்தேகம் எழும். கொத்தாக வந்தால், சிக்மா சந்தையின் மனநிலைக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

கோட்டைத் தாண்டிய பிறகு என்ன ஆகும் என்பதை வார் சொல்வதே இல்லை என்ற குறைக்காக, பாசல் குழு 2016இல் வெளியிட்ட சந்தை அபாய விதிகளில் 99 சதவீத வாருக்குப் பதிலாக, மிக மோசமான இரண்டரை சதவீத நாட்களின் சராசரி நஷ்டத்தை அளவுகோலாக வைத்தது. பரவல் மணி வளைவாகவே இருந்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே தொகையைத்தான் தரும். தேர்ந்தெடுத்த பரவலின் வால் தடித்திருந்தால்தான் இரண்டும் பிரியும். ஆக, மணி வளைவைக் கைவிடாமல் அளவுகோலை மட்டும் மாற்றும் வங்கிக்கு எதுவும் மாறப்போவதில்லை.

இந்தியாவில் இந்தச் சிக்கல் டெரிவேட்டிவ் வர்த்தகம் தொடங்கும் முன்பே பேசப்பட்டது. இண்டெக்ஸ் ஃப்யூச்சர்ஸுக்கு எவ்வளவு மார்ஜின் வாங்குவது என்று தீர்மானிக்க செபி அமைத்த குழுவுக்கு, அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர் ஜே.ஆர். வர்மா தலைவர். அக்குழு 1998இல் கொடுத்த அறிக்கை, 94 சதவீத எடை கொண்ட அதே ரிஸ்க்மெட்ரிக்ஸ் சிக்மாவை எடுத்துக்கொண்டது. ஆனால் 99 சதவீதப் பாதுகாப்புக்கு மணி வளைவு சொல்லும் பெருக்கலை ஏற்காமல் மூன்று சிக்மா கேட்டது. மணி வளைவுப்படி மூன்று சிக்மா என்பது தேவைக்கு அதிகம். இந்தியப் பங்குக் குறியீட்டின் வாலுக்கு அது வேண்டும் என்பது குழுவின் முடிவு.

ஜூன் 4க்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சிக்மா 1.08 என்றால் மூன்று சிக்மா 3.24 சதவீதம், பத்து லட்சத்துக்கு 32,400 ரூபாய். மணி வளைவின் 25,200ஐவிட 7,200 ரூபாய் கூடுதல் காப்பு. அன்றைய 59,300இல் அப்போதும் 26,900 ரூபாய் காப்புக்கு வெளியேதான் நிற்கும். இத்தகைய மிச்சத்துக்காகத்தான் பங்குச் சந்தைகள் வார் மார்ஜினோடு நிறுத்திக்கொள்ளாமல், ‘எக்ஸ்ட்ரீம் லாஸ் மார்ஜின்’ என்று தனியாக ஒரு தொகையையும் புரோக்கர்களிடம் வாங்கி வைக்கின்றன.