பழைய தொலைக்காட்சியை வாங்கும் முன்

உலு திராமில் ஒரு குடும்பம் பயன்படுத்திய திறன் தொலைக்காட்சி ஒன்றை வாங்க விற்பவரின் வீட்டிற்குச் செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைக்காட்சியில் படம் தெளிவாகத் தெரிகிறது. அதை மட்டும் நம்பிப் பணம் கொடுத்துவிடலாமா? தொலைக்காட்சியில் எளிதில் சரிசெய்யக்கூடிய குறைகளும் உண்டு. சரிசெய்வது கட்டுப்படியாகாத குறைகளும் உண்டு. இவற்றைப் பிரித்தறியவே நேரில் சோதிக்க வேண்டும்.

முதலில் திரையைக் கவனிக்க வேண்டும். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் எனத் திரை முழுவதும் ஒரே நிறம் தெரியும் படங்களை விரலியில் பதிந்து கொண்டு செல்லுங்கள். வெள்ளைப் படத்தில் ஒரு பகுதி மட்டும் மங்கலாக இருந்தால், திரைக்குப் பின்னுள்ள விளக்குகள் சில பழுதாகியிருக்கலாம். மேலிருந்து கீழாகக் கோடு தெரிந்தால், திரையே பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. திரையை மாற்றும் செலவு பல வேளைகளில் பழைய தொலைக்காட்சியின் விலையையே மிஞ்சிவிடும். சில குறைகள் கருவி சூடான பிறகே வெளிப்படும். ஆகவே, அரை மணி நேரமாவது அதை ஓடவிட வேண்டும்.

அடுத்து, இணைப்புத் துளைகள். ஒவ்வோர் எச்.டி.எம்.ஐ. துளையிலும் ஒரு கருவியை இணைத்து, படமும் ஒலியும் வருகின்றனவா எனப் பாருங்கள். கம்பியை இலேசாக அசைக்கும்போது படம் விட்டுவிட்டு வந்தால், துளை தளர்ந்திருக்கலாம். வேறொரு கம்பியைக் கொண்டும் சோதித்து உறுதிசெய்யுங்கள்.

தொலையியக்கியின் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பாருங்கள். அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் தொலையியக்கி என்றால், அதன் முனையைத் திறன்பேசியின் முன்பக்கப் படக்கருவிக்கு நேராகப் பிடித்து அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளி பெரும்பாலும் அதில் மினுக்குவதைக் காணலாம். ஒளி மினுக்கியும் தொலைக்காட்சி இயங்காவிட்டால், குறை தொலைக்காட்சியில் இருக்கலாம்.

பின்னர், திறன்பேசியின் இணையத்தைப் பகிர்ந்து, நீங்கள் பயன்படுத்தும் செயலியில் ஒரு காணொளியை ஓட்டிப் பாருங்கள். செயலியின் சின்னம் திரையில் இருப்பது மட்டும் போதாது. 2010, 2011ஆம் ஆண்டுகளில் வெளிவந்த சில சாம்சங் தொலைக்காட்சிகளில் நெட்பிளிக்ஸ் செயலி 2019 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. கருவியில் எந்தப் பழுதும் இல்லாதபோதும் இவ்வாறு நேரலாம்.

அந்தக் குடும்பம் பார்க்கும் தொலைக்காட்சியில் செயலி மட்டும் இயங்கவில்லை என்றால் என்ன செய்வது? திரையும் எச்.டி.எம்.ஐ. துளையும் நன்றாக இருந்தால், இணையப் பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கி இணைத்துக்கொள்ளலாம். அதன் விலையைக் கழித்துக்கொள்ளுமாறு விற்பவரிடம் பேரம் பேசலாம். திரையில் கோடு தெரிந்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் அதை வாங்காமல் திரும்புவதே நல்லது.