ஃபேன் சொல்லும் பதில்

கேமரா ரெக்கார்டரையும் இணைய ரவுட்டரையும் டிவிக்குக் கீழே மர அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடிவிடுகிறோம். ரெக்கார்டரின் ஹார்ட் டிஸ்க் இரவு பகலாகச் சுழல்கிறது. சூடு வெளியேற வழியில்லை. பின்பலகையின் மேற்புறத்தில் 12 செ.மீ. ஃபேன் ஒன்றைப் பொருத்தி, கதவின் அடியில் காற்று நுழைய இடைவெளி விட்டால் சூடு தணியும். ஆனால் அது முழு வேகத்தில் ஓடினால் கூடத்தில் இரைச்சல் தாங்காது.

வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். சத்தமோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கிவிடும். அதனால் சூட்டுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே சுற்றவிட வேண்டும்.

கம்ப்யூட்டர்களில் வரும் நான்கு கம்பி ஃபேன் இதற்கு ஏற்றது. இரண்டு கம்பிகள் 12 வோல்ட் மின்சாரத்துக்கு. இன்னொன்று வேகத்துக்கான கட்டளையைக் கொண்டுபோகிறது. அதில் சிக்னல் வினாடிக்குச் சுமார் 25,000 முறை எழுந்து விழுகிறது; எழுந்து நிற்கும் நேரம் கூடக்கூட வேகம் கூடும். மனிதக் காதுக்கு எட்டும் எல்லை 20,000 என்பதால் இதனால் ரீங்காரம் கேட்காது.

மீதிக் கம்பி டேக்கோமீட்டர். ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்புகளை அது அனுப்பும். ஒரு வினாடியில் வரும் துடிப்புகளை எண்ணி 30ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும்.

நம் ஃபேனின் உச்ச வேகம் 1,500 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அலமாரிக்குள் 35 டிகிரி வரை 40 சதவீதக் கட்டளை. 45 டிகிரியில் முழு வேகம். இடையில் படிப்படியாக ஏற்றம். இறங்கும்போது மட்டும், சூடு 3 டிகிரி தணிந்த பிறகே வேகத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சீரான சத்தத்தைவிட மாறும் சத்தமே காதை உறுத்தும்.

40 சதவீதத்தில் இந்த ஃபேன் 600 சுற்று ஓடினால் வினாடிக்கு 20 துடிப்புகள் வரும். சில மாதம் கழித்து அதே கட்டளைக்கு 14தான் வருகிறது என்றால் வேகம் 420 ஆகிவிட்டது. தூசி அப்பியிருக்கலாம், பேரிங் தேய்ந்திருக்கலாம். துடிப்பே வராவிட்டால் ஒரு வினாடி முழு வேகக் கட்டளை கொடுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் பூஜ்யம் என்றால் அலாரம் ஒலிக்கட்டும். ஃபேன் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருந்தால் அறுந்தது டேக்கோமீட்டர் கம்பி. கட்டளைக் கம்பி அறுந்தால் ஃபேன் தானாக முழு வேகத்துக்குப் போய்விடும்.

டேக்கோமீட்டர் சுற்றைத்தான் எண்ணும், காற்றை அளக்காது. துடிப்பு சரியாக இருந்தும் அலமாரிச் சூடு நாளுக்கு நாள் ஏறினால், கதவடி இடைவெளியில் தூசி அடைத்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.