450 ரூபாய் எங்கே?

மாதக் கடைசியில் ஒரு மருந்துக்கடையின் பில்லிங் மென்பொருள், யுபிஐ வசூலாக வங்கிக் கணக்கைவிட 450 ரூபாய் கூடுதலாகக் காட்டியது. ஆயிரக்கணக்கான பில்களை யார் புரட்டுவது?

கணக்கர் முதலில் இரண்டு பக்கமும் நாள்வாரியாகக் கூட்டினார். மூன்று நாட்கள் மட்டுமே இடித்தன. 14-ஆம் தேதி வங்கியில் 640 குறைவு, 15-ஆம் தேதி அதே 640 அதிகம். இரவு 11.59-க்குப் போட்ட பில்லுக்கு நள்ளிரவு தாண்டிப் பணம் வந்திருந்தது. மாதக் கூட்டலில் இது தெரியவே தெரியாது.

மிச்சம் 22-ஆம் தேதி. அதை மணிவாரியாகப் பிரித்ததும் மாலை 7 முதல் 8 வரை மட்டும் உதைத்தது: 41 பில், 40 வரவு. ஒரே நிமிடத்தில் இரண்டு 450 ரூபாய் பில்கள். நெட் தடுமாறியபோது ஊழியர் மறுபடி அழுத்தியிருக்கிறார்.

ஒரே மணிக்குள் கூடுதலும் குறைவும் சமமாகிவிட்டால் தொகை ஏமாற்றும். அதனால்தான் அவர் பில் எண்ணிக்கையையும் ஒப்பிட்டார்.