மூலையில் மிஞ்சும் சின்னச் சதுரம்

ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 7, 8, 9. அதன் பரப்பு என்ன? கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த ஹீரான், 'மெட்ரிகா' என்ற தன் நூலில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறார். மூன்று பக்கங்களையும் கூட்டிப் பாதியாக்கினால் 12. அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 5, 4, 3. இந்த நான்கு எண்களையும் பெருக்கினால் 720 வரும். 720-இன் வர்க்கமூலம் எதுவோ அதுதான் பரப்பு. முக்கோணப் பரப்புக்கான இந்த விதி பள்ளிப் புத்தகங்களில் இன்றும் ஹீரானின் பெயரிலேயே இருக்கிறது. ஆனால் கணக்கு இதோடு முடியவில்லை. 720 முழு வர்க்கம் அல்ல. அதன் மூலத்தை எப்படி எடுப்பது?

அதையும் ஹீரான் சொல்லித் தருகிறார். மெட்ரிகாவின் கையெழுத்துப் பிரதி பல நூற்றாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1896-இல் இஸ்தான்புல்லில் கிடைத்தது. அதில் அவர் காட்டும் வழிக்குப் பெருக்கல், வகுத்தல், கூட்டல் தவிர வேறெதுவும் தேவையில்லை.

முதலில் 720-ஐ இரண்டு முழு வர்க்கங்களுக்கு நடுவே பிடிக்க வேண்டும். 26-ஐ 26-ஆல் பெருக்கினால் 676. 27-ஐ 27-ஆல் பெருக்கினால் 729. நமக்கு வேண்டிய மூலம் 26-க்கும் 27-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. 720-க்கு 729 மிக அருகில் இருப்பதால் 27-ஐ எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, 720-ஐ 27-ஆல் வகுக்கிறார். ஈவு 26⅔. இந்த ஈவில்தான் விஷயம் இருக்கிறது. 27 சற்றுப் பெரிய எண். பெரிய எண்ணால் வகுத்ததால் வந்த ஈவு சற்றுச் சிறியதாகத்தான் இருக்க முடியும். ஆக, உண்மையான மூலம் இந்த இரண்டுக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. ஒரே ஒரு வகுத்தலில், ஒரு முழு எண் அகலமிருந்த இடைவெளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

கடைசியாக இரண்டையும் கூட்டிப் பாதியாக்குகிறார். 27-உம் 26⅔-உம் சேர்ந்து 53⅔. அதில் பாதி 26⅚. இதன் வர்க்கத்தைப் போட்டுப் பார்த்தால் 720-உம், அதற்கு மேல் 1/36-உம் வருகிறது. இந்தச் சிறு மிச்சமும் உறுத்துகிறது என்றால் 27-க்குப் பதில் 26⅚-ஐ வைத்துக்கொண்டு இதையே மறுபடியும் செய்யுங்கள் என்கிறார் ஹீரான்.

அந்த 1/36 எங்கிருந்து வந்தது? இதைப் புரிந்துகொண்டால் முறை முழுவதும் கைவசமாகிவிடும். ஒரு தாளில் நீளம் 27, அகலம் 26⅔ என்று ஒரு செவ்வகம் வரைந்துகொள்ளுங்கள். அதன் பரப்பு சரியாக 720. கிட்டத்தட்டச் சதுரம்தான், ஆனால் ஒரு பக்கம் கொஞ்சம் நீளம். கூடுதலாக இருக்கும் நீளம் ⅓. அதில் பாதி, அதாவது 1/6 அகலத்துக்கு ஒரு பட்டையை நீளவாக்கிலிருந்து வெட்டி எடுத்து, பக்கத்து விளிம்பில் ஒட்டுங்கள். இப்போது இரு பக்கமும் 26⅚ ஆகிவிட்டது. ஆனால் சதுரம் முழுமையாகவில்லை. ஒட்டிய பட்டை 26⅔ நீளம்தான் என்பதால் ஒரு மூலையில் சின்னதாக ஓர் இடம் காலியாக நிற்கிறது. அதன் பக்கம் 1/6, பரப்பு 1/36. சராசரியின் வர்க்கம் 720-ஐ எவ்வளவு தாண்டுகிறதோ, அது இந்தக் காலி மூலையின் பரப்புதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. சராசரி எடுத்து வரும் விடை எப்போதும் உண்மை மூலத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும், ஒருபோதும் குறையாது. எவ்வளவு கூடுதல் என்பதையும் விடை தெரியாமலே சொல்லிவிடலாம். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியை எடுத்து வர்க்கப்படுத்தினால் மூலையின் பரப்பு வரும். அதைச் சராசரியின் இரண்டு மடங்கால் வகுத்தால் மூலத்தில் இருக்கும் பிழை ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஹீரானின் கணக்கில் 1/36-ஐ 53⅔-ஆல் வகுத்தால் சுமார் 0.0005. அவருடைய 26⅚ என்பது 26.8333, உண்மை மூலம் 26.8328.

பிழையே வர்க்கமாகிச் சுருங்குவதால்தான் இந்த முறை இவ்வளவு வேகமாக ஓடுகிறது. 27-இல் தொடங்கியபோது பிழை சுமார் 0.17. ஒரு சுற்றில் அது 0.0005 ஆனது. இன்னொரு சுற்று ஓட்டினால் விடை 26.8328157 என்று வரும். பிழை ஒன்பதாம் தசம இடத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாகின்றன.

ஆனால் இந்த வேகம் மூலத்தின் பக்கத்தில் வந்த பிறகுதான். முதலில் இரு வர்க்கங்களுக்கு நடுவே பிடிப்பதை விட்டுவிட்டு, 720-க்கு 1 என்று ஊகித்துத் தொடங்கிப் பாருங்கள். முதல் சராசரி 360.5. அடுத்தது 181. பிறகு 93, 50, 32 என்று ஒவ்வொரு தடவையும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துகொண்டே வந்து, ஏழாவது சுற்றில்தான் 26.84-ஐத் தொடும். தவறான இடத்தில் தொடங்கினாலும் வழி தவறாது, ஆனால் வீண் அலைச்சல். 26, 27 என்று முதலில் எல்லை கட்டிக்கொண்ட ஹீரான் அந்த ஆறு சுற்றுகளையும் மிச்சப்படுத்திவிட்டார்.

காலி மூலை என்ற இந்தக் கருத்து நம் நாட்டுப் பழைய நூல் ஒன்றின் விடையோடு அச்சாகப் பொருந்துகிறது. வேள்வி மேடைகளின் அளவுகளைச் சொல்லும் பௌதாயன சுல்ப சூத்திரத்தில் 2-இன் வர்க்கமூலத்துக்கு ஒரு விதி உண்டு. ஒன்றோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டு, அந்தப் பங்கின் நான்கில் ஒன்றைக் கூட்டு, பிறகு அந்த நான்கில் ஒன்றின் முப்பத்து நான்கில் ஒரு பங்கைக் கழி என்கிறது அது. முதல் மூன்றையும் கூட்டினால் 17/12. அதன் வர்க்கம் 2-ஐவிட 1/144 கூடுதல். இதுதான் காலி மூலை. இதை 17/12-இன் இரண்டு மடங்கால் வகுத்தால் கிடைப்பது 1/408. சூத்திரம் கழிக்கச் சொல்லும் பங்கும் இதே 1/408-தான்! கழித்த பிறகு 577/408 நிற்கிறது, தசமத்தில் 1.414216. உண்மை மதிப்பு 1.414214. சூத்திரம் விடையை மட்டும் தருகிறது, வழியைச் சொல்லவில்லை. அவர்களும் சதுரத்தை வெட்டி ஒட்டித்தான் இதைக் கண்டிருப்பார்கள் என்று நம்பவே எனக்குத் தோன்றுகிறது. கயிறு பிடித்து மேடை அளந்தவர்களுக்கு அது இயல்பான வழி.

கயிறு பிடித்து அளக்கும் வேலை இன்றும் நடக்கிறது. பன்னிரண்டடிக்குப் பத்தடி அறைக்கு அஸ்திவாரக் கோடு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூலை சரியாக மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க மூலைவிட்டத்தை அளக்க வேண்டும். 144-உம் 100-உம் சேர்ந்து 244. மூலைவிட்டம் அதன் வர்க்கமூலம். 15-இன் வர்க்கம் 225, 16-இன் வர்க்கம் 256. 244-க்கு 256 பக்கம், எனவே 16. 244-ஐ 16-ஆல் வகுத்தால் 15¼. இரண்டின் சராசரி 15⅝ அடி, அதாவது 15 அடி 7½ அங்குலம். காகிதமே வேண்டாம், நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம்.

இது எவ்வளவு நம்பகமானது? வித்தியாசம் ¾ அடி, அதில் பாதி ⅜, அதன் வர்க்கம் சுமார் 0.14. இதை 31¼-ஆல் வகுத்தால் 0.0045 அடி. அங்குலத்தில் இருபதில் ஒரு பங்கு. நூல் கட்டி டேப் பிடிக்கும் இடத்தில் இது கண்ணுக்கே படாது. இரண்டாவது சுற்று தேவையில்லை என்று கணக்கே சொல்லிவிடுகிறது.

கைத்தவறு வந்தால்? பள்ளியில் படித்த நீள்வகுத்தல் முறையில் ஆரம்பத்தில் ஓர் இலக்கம் பிசகினால் அதன் பிறகு வருவதெல்லாம் பிசகு. இங்கே அப்படி இல்லை. 244-ஐ 16-ஆல் வகுக்கும்போது 15¼-க்குப் பதில் 14¼ என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 15.125 என்று வரும். இதைக்கொண்டு மறுபடி வகுத்தால் ஈவு 16.13. அங்கேயே மணியடித்துவிட்டது, ஏனென்றால் ஒருமுறை சராசரி எடுத்த பிறகு அந்த எண் மூலத்தைவிடப் பெரியதாகவும், ஈவு அதைவிடச் சிறியதாகவும்தான் இருக்க வேண்டும். ஈவு பெரியதாக வந்தால் முந்தைய வரியில் எங்கோ தவறு. அதைக் கவனிக்காமலே போனாலும் பெரிய கேடில்லை. 15.125-க்கும் 16.13-க்கும் சராசரி 15.63. உண்மைக்கு அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பக்கத்தில் தானாகவே திரும்பி வந்துவிடும். தவறான எண் இன்னோர் ஊகமாக மாறிப்போகிறது, அவ்வளவுதான்.

இந்த முறையால் தானாகத் திருத்த முடியாத ஒரு பிசகு தொடக்கத்திலேயே நடப்பது. 720-இன் மூலம் 26.8 என்றால் 7,200-இன் மூலம் 268 என்று பலர் உடனே சொல்லிவிடுகிறார்கள். எண்ணைப் பத்தால் பெருக்கினால் மூலம் பத்து மடங்காகாது. நூறால் பெருக்கினால்தான் ஆகும். இதைத் தவிர்க்க எண்ணை வலப்பக்கத்திலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 7,200 என்பது 72, 00 என்று பிரியும். 72-இன் மூலம் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில், எனவே 7,200-இன் மூலம் 80-க்கும் 90-க்கும் நடுவில். அதுவே 72,000 என்றால் 7, 20, 00 என்று பிரியும். 7-இன் மூலம் இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே. ஆகவே 200-க்கும் 300-க்கும் நடுவில் தேட வேண்டும். ஒன்றுக்குக் கீழே உள்ள எண்களில் இன்னொரு கவனம் வேண்டும்: அங்கே மூலம் எண்ணைவிடப் பெரியது. 0.5-இன் மூலத்தை 0.5-க்குக் கீழே தேடினால் கிடைக்காது. 0.7-இன் வர்க்கம் 0.49, 0.8-இன் வர்க்கம் 0.64. எனவே 0.7-இல் தொடங்கி, 0.5-ஐ அதனால் வகுத்தால் 0.7143, சராசரி 0.7071. நான்கு தசம இடங்களும் சரி.