அடுப்பில் மஞ்சள் தீ: போட்டோவைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் நம்ம கிளாஸ் நண்பன் ஒருத்தன் போன மாசம் ஒரு போட்டோ அனுப்பினான். ரெண்டு பர்னர் கேஸ் அடுப்பு. வலது பக்கத் தீ மஞ்சளா இருந்தது. கூடவே ஒரு வரி: "பாத்திரத்தோட அடியெல்லாம் கரி பிடிக்குதுடா, அடுப்பையே மாத்தணும்னு அம்மா சொல்றாங்க." கடைசியில் அடுப்பை மாத்தவே இல்லை. அரை மணி நேர வேலையில் முடிஞ்சது. எப்படின்னு சொல்றேன்.

முதல்ல, தீ ஏன் மஞ்சளாகுது? சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. புரோப்பேனோட சமன்பாடு நமக்குத் தெரியும்:

C3H8 + 5O2 → 3CO2 + 4H2O

காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். அதனால் 1 லிட்டர் புரோப்பேன் முழுசா எரிய சுமார் 24 லிட்டர் காற்று வேணும். பியூட்டேனுக்கு 31 லிட்டர். இதில் ஒரு பங்கை, ஜெட்டிலிருந்து பாய்ந்து வரும் வாயு கலவைக் குழாயின் வாயில் இருக்கும் காற்றுத் துளை வழியா தானே இழுத்துக்கொள்ளும். மீதி, தீயைச் சுற்றியிருக்கும் காற்றிலிருந்து கிடைக்கும். முதல் பங்கு சரியா வந்தால் ஒவ்வொரு துளை மேலேயும் கூர்மையான நீலக் கூம்பு நிற்கும். அது குறைந்தால் வாயுவில் இருக்கும் கார்பன் நுண்துகளாகி, சூடேறி மஞ்சளா ஒளிரும். பாத்திரத்தில் ஒட்டும் கரி அதுதான். கூடவே கார்பன் மோனாக்சைடும் உண்டாகலாம். கேஸ் கசிந்தால் வாசனை காட்டிக்கொடுக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. சமைக்கும்போது தலைவலி, மயக்கம் வந்தால் உடனே அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்துடுங்க.

ஆனா போட்டோவை அப்படியே நம்பக்கூடாது. குண்டு பல்பு வெளிச்சம், பித்தளை பர்னரின் பளபளப்பு, கேமரா தானா செய்யும் நிறத் திருத்தம் எல்லாமே ஏமாற்றும். அதனால் நண்பனை இன்னொரு போட்டோ எடுக்கச் சொன்னோம். பாத்திரம் இல்லாம, ரெண்டு பர்னரையும் எரியவிட்டு, லைட்டை அணைத்து, பக்கவாட்டில் தள்ளி நின்று, திரையில் தீயைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்து எடுக்கணும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. உப்புத் தண்ணி பொங்கி வழிந்தாலோ, தூசி பறந்தாலோ தீயில் ஆரஞ்சுப் பொறிகள் மின்னி மறையும். அது பெரும்பாலும் சோடியத்தோட நிறம், கரி பிடிக்காது. கரி தரும் மஞ்சள், தீயின் நுனியில் நீளமா, மெத்துனு, விடாம நிற்கும்.

இரண்டாவது போட்டோவில் இடது பர்னர் நல்ல நீலம். வலது பர்னரில் சுற்றிலும் மஞ்சள் நுனி. இதிலேயே பாதி விடை இருக்கு. ரெண்டு பர்னரும் மஞ்சளா இருந்திருந்தால் ரெகுலேட்டரையோ, தீரப்போகும் சிலிண்டரையோ, காற்றோட்டம் இல்லாத அறையையோ சந்தேகப்படலாம். ஒன்று மட்டும்னா கோளாறு அந்த பர்னரில்தான். ஒரு பக்கம் மட்டும் மஞ்சள்னா அந்தப் பக்கத்துத் துளைகள் அடைத்திருக்கும். சுற்றிலும் மஞ்சள்னா காற்று நுழையும் இடத்தையே பார்க்கணும்.

ரெகுலேட்டரை மூடி, பர்னர் ஆறினதும் கழற்றிப் பார்த்தான். கலவைக் குழாயின் காற்றுத் துளையில் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து பட்டு நூல் பிசிறு பஞ்சு மாதிரி அடைத்திருந்தது. தறி இருக்கும் கூடத்தை ஒட்டித்தான் அவங்க சமையலறை. தறியிலிருந்து பறக்கும் பிசிறை அந்தத் துளை காற்றோடு சேர்த்து இழுத்திருக்கு.

பாட்டில் பிரஷால் குழாயைத் துடைத்தான். பர்னரைச் சோப்பு போட்ட வெந்நீரில் ஊறவைத்து, துளைகளைப் பல்குச்சியால் சுத்தம் செய்தான். நல்லா காயவைத்துத்தான் மாட்டணும். உள்ளே ஈரம் இருந்தால் தீ படபடன்னு துடிக்கும். மாட்டினதும் நீலக் கூம்பு வந்தது. அடுத்த நாள் பாத்திரத்தில் கரி இல்லை.

ஜெட்டை மட்டும் ஊக்கு வைத்துக் குத்தாதீங்க. அந்தத் துளையின் விட்டம் 10 சதவீதம் பெருத்தாலே பரப்பு 21 சதவீதம் கூடும். வாயு அந்த அளவுக்கு அதிகமா வரும். காற்று அதற்கு ஈடு கொடுக்காது. தீ நிரந்தரமா மஞ்சளாகிடும்.

சில அடுப்புகளில் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு தகடு இருக்கும். சுத்தம் செய்தும் மஞ்சள் போகலைன்னா அதைக் கொஞ்சம் கொஞ்சமா திறங்க. மஞ்சள் நுனி மறைந்த இடத்தில் நிறுத்திடுங்க. அதுக்கு மேல போனால் தீ பர்னரை விட்டு எழும்பி, சீறி, அணைந்துபோகும். அணைந்த பர்னரிலிருந்து கேஸ் வந்துகொண்டே இருக்கும். தகடு இல்லாத அடுப்பா இருந்தாலோ, ரெண்டு பர்னரும் மஞ்சளாவே இருந்தாலோ, அதற்குமேல் மெக்கானிக்கிடம் விட்டுடுங்க.